பில்லில் ஒரே ஒரு முகவரி... அது தலைமை அலுவலகமா, தொழிற்சாலையா?

பெசன்ட் நகரில் வசிக்கும் ஒருவரின் புது மிக்ஸி வாரன்டி காலத்திலேயே பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிட்டார்கள். நிறுவனத்துக்கே நோட்டீஸ் அனுப்பலாம் என்று பில்லை எடுத்தால், அதில் இருப்பது ஒரே ஒரு முகவரி. அதுவும் சிப்காட் தொழிற்பேட்டை முகவரி. அங்கே அனுப்பினால் தொழிற்சாலை கேட்டிலிருந்தே தபால் திரும்பி வந்துவிடுமோ?

கம்பெனிகள் சட்டம் 2013-ன்படி, ஒரு கம்பெனிக்கான கடிதத்தை அதன் பதிவு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலிலோ ஸ்பீடு போஸ்டிலோ அனுப்பலாம். எனவே, தேட வேண்டியது 'ரெஜிஸ்டர்டு ஆபீஸ்' எனப்படும் அந்த முகவரியைத்தான்.

முதலில், முகவரிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'ஒர்க்ஸ்', 'யூனிட்', 'தயாரிப்பு' என்று இருந்தால் அது தொழிற்சாலை. 'ரெஜிஸ்டர்டு ஆபீஸ்' என்று இருந்தால் வேலை முடிந்தது. எதுவுமே இல்லையென்றால்?

பார்த்து ஏமாறாதீர்கள்

'சிப்காட் என்றால் தொழிற்சாலைதான்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டைட்டன் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கார்ப்பரேட் அலுவலகம் பெங்களூரு எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியில் இருக்கிறது. ஆனால், பதிவு அலுவலகம் ஓசூர் சிப்காட் வளாகத்தில்! முகவரியை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம்.

இங்கே கைகொடுப்பது CIN என்ற 21 இலக்க எண். பதிவு அலுவலக முகவரியோடு இந்த எண்ணையும் கடிதத்தாள், பில் ஆகியவற்றில் கம்பெனி அச்சிட வேண்டும் என்கிறது சட்டம். டைட்டனின் எண் இது:

```
L74999TZ1984PLC001456
```

முதல் எழுத்து L என்பதால், பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனம். பட்டியலாகாததற்கு U. அடுத்த 5 இலக்கங்கள் தொழில் வகையைக் குறிப்பவை. அதன் பின் வரும் 2 எழுத்துகள்தான் நமக்கு முக்கியம். பதிவு அலுவலகம் எந்த மாநிலத்தில் என்பதை அவை சொல்லும். தமிழ்நாட்டுக்கு இரண்டு குறியீடுகள் உண்டு. சென்னைப் பதிவாளர் எல்லைக்கு TN, கோவைப் பதிவாளர் எல்லைக்கு TZ. ஓசூர் கோவையின் கீழ் வருவதால் TZ. 1984 என்பது கம்பெனி பதிவான ஆண்டு.

பில்லில் இருப்பது ஓசூர் முகவரி, எண்ணில் இருப்பது MH என்றால், பதிவு அலுவலகம் மகாராஷ்டிராவில் இருக்கிறது; ஓசூரில் இருப்பது தொழிற்சாலையோ கிளையோதான். இரண்டும் ஒரே மாநிலம் என்றால் மட்டும் குழப்பம் நீடிக்கும். அப்போது mca.gov.in தளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடினால், பதிவு அலுவலகத்தின் முழு முகவரி கிடைக்கும்.

ஜி.எஸ்.டி எண் சொல்வது என்ன?

பில்லில் CIN இல்லாமல் ஜி.எஸ்.டி எண் மட்டும் இருக்கலாம். அதன் முதல் 2 இலக்கம் மாநிலம். தமிழ்நாடு 33, கர்நாடகா 29. ஆனால், பலர் சறுக்குவது இங்கேதான். ஜி.எஸ்.டி தளத்தில் 'முதன்மை வணிக இடம்' என்று காட்டுவது, அந்த மாநிலத்துக்குள் முதன்மையான இடம் மட்டுமே. ஒரே கம்பெனி பத்து மாநிலங்களில் பதிவு செய்திருந்தால், பத்து முதன்மை இடங்கள் இருக்கும். அதைத் தலைமை அலுவலகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த எண்ணின் 6-வது எழுத்தையும் பாருங்கள். C என்றால் கம்பெனி. P என்றால் தனிநபர், F என்றால் கூட்டு நிறுவனம். P என்று இருந்தால் CIN-ஐத் தேடுவது வீண். பில் கொடுத்த கடைக்காரரின் எண்ணாக அது இருக்கலாம். தயாரித்த கம்பெனியின் விவரத்தை வாரன்டி அட்டையிலோ பெட்டியிலோ தேட வேண்டும்.

போடி ஏலக்காய் வழக்கு

கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் உள்ள வித்தியாசம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரியான பிரசாத் டிரேடிங் கம்பெனி, பட்டேல் ரோட்வேஸின் போடி கிளையில் டெல்லிக்குச் சரக்கு ஒப்படைத்தது. டெல்லி குடோனில் தீப்பிடித்துச் சரக்கு சேதமானது. இழப்பீடு கேட்டுப் பெரியகுளம் நீதிமன்றத்தில் வழக்கு போட்டார்கள். 'எங்கள் தலைமை அலுவலகம் பம்பாயில். ஒப்பந்தப்படி பம்பாய் நீதிமன்றத்தில்தான் வழக்கு போட முடியும்' என்றது லாரி நிறுவனம். 1991-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சரக்கை வாங்கியது போடி கிளை. கிளை இருக்கும் ஊரிலேயே வழக்குக்கான காரணமும் எழுந்திருந்தால், தலைமை அலுவலகம் பம்பாயில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அந்த ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் வந்துவிடாது என்றது.

இன்று நுகர்வோருக்கு வழி இன்னும் எளிது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்கு தொடரலாம். பெசன்ட் நகர்க்காரர் ஓசூருக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை. ஆனால், எதிர்த்தரப்பின் முகவரியை அவர்தான் சரியாகக் கொடுக்க வேண்டும். ஒரு நோட்டீஸைப் பதிவு அலுவலகத்துக்கும், இன்னொரு பிரதியைப் பில்லில் உள்ள முகவரிக்கும் அனுப்பி, இரண்டு தபால் ரசீதுகளையும் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.