பள்ளி நர்ஸுக்கு எழுதும் ஆஸ்துமா கடிதம்

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் பெற்றோர் பள்ளி நர்ஸுக்கு எழுதும் கடிதம் மருத்துவரின் சீட்டுக்கு மாற்று அல்ல. மருத்துவர் வகுத்த திட்டத்தை, அந்தப் பிள்ளையை முன்பின் பார்த்திராத ஒருவர்கூடப் பதற்றமான நேரத்தில் படித்துச் செய்யும்படி ஆக்குவதே அதன் வேலை. ‘மூச்சுத்திணறல் வந்தால் இன்ஹேலர் கொடுக்கவும்’ என்ற ஒற்றை வரி அதற்குப் போதாது. எந்த இன்ஹேலர், எத்தனை முறை, எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது ஆம்புலன்ஸை அழைப்பது ஆகிய நான்குக்கும் கடிதத்தில் விடை இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு படிக்கும் எட்டு வயதுச் சிறுவனை எடுத்துக்கொள்ளலாம். அவனுக்கு இரண்டு இன்ஹேலர்கள் உண்டு. ஒன்று பியூடசொனைடு. மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் கட்டுப்படுத்தும் இந்த ஸ்டீராய்டு மருந்தைக் காலையும் இரவும் வீட்டிலேயே எடுத்துக்கொள்கிறான். இதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம். இளைப்பு வந்த நேரத்தில் இதை அடித்துப் பயனில்லை. மற்றொன்று சால்புடமால். சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரித்துவிடும் மருந்து. நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை தாங்கும். பள்ளியில் இருக்க வேண்டியது இதுதான். அவசரத்தில் தவறான இன்ஹேலரைப் பையில் போட்டு அனுப்பிவிடுவது எளிதில் நடக்கக்கூடிய பிழை. கம்பெனிக்குக் கம்பெனி மூடியின் நிறம் மாறும் என்பதால், ‘நீல இன்ஹேலர்’ என்று எழுதுவதைவிட மருந்தின் பெயரையும் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் என்ற அளவையும் எழுதுவதே பாதுகாப்பு. சில பிள்ளைகளுக்கு இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை மருத்துவர் தந்திருப்பார். அவர்களுக்கான கணக்கு வேறு. கீழே வரும் எண்கள் அவர்களுக்குப் பொருந்தாது.

அடுத்து, இளைப்பு எப்படித் தொடங்கும் என்ற பகுதி. மருத்துவர் எழுதித் தர முடியாதது, பெற்றோருக்கு மட்டுமே தெரிவது, இங்கேதான் வருகிறது. இந்தச் சிறுவனுக்கு முதலில் வீசிங் சத்தம் வராது. வறட்டு இருமல் விடாமல் வரும், விளையாட்டிலிருந்து தானாகவே ஒதுங்கி உட்கார்ந்துகொள்வான், ‘நெஞ்சு இறுக்கமா இருக்கு’ என்பான். சளி பிடித்த வாரத்திலும், வகுப்பறைக்குப் பெயின்ட் அடிக்கும்போதும், தீபாவளியை ஒட்டிய பட்டாசுப் புகையிலும் தொல்லை கூடும். ஓடினாலும் இளைக்கும் என்பதால், பி.டி. வகுப்புக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு இரண்டு முறை சால்புடமால் எடுத்துக்கொண்டு விளையாடலாம் என்று அவனுடைய மருத்துவர் எழுதியிருக்கிறார். இதைச் சொல்லாமல் விட்டால், பள்ளி அவனை மைதானத்துக்கே அனுப்பாமல் ஓரமாக உட்கார வைத்துவிடும்.

கடிதத்தின் நடுப்பகுதி அவசரக் கட்டம். அதன் வாசகம் இப்படி அமையலாம்:

‘சிஸ்டர், அவனை நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். சிக் ரூமுக்கு நடத்திக் கூட்டிவர வேண்டாம், இன்ஹேலரை அவன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி, ஒருமுறை அழுத்தி, நான்கு மூச்சு இழுத்துவிடச் சொல்லுங்கள். மறுபடி குலுக்கி அடுத்த முறை. இப்படி நான்கு முறை கொடுத்து நான்கு நிமிடம் பாருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு நான்கு. அதற்கும் அடங்கவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒருதரம் நான்கு முறை கொடுத்துக்கொண்டே இருங்கள். தனியாக விட வேண்டாம். எங்களுக்கு அதன் பிறகு சொன்னால் போதும்.’

இந்த நான்கு நான்கு கணக்கு ஆஸ்திரேலியப் பள்ளிகளில் முதலுதவியாகக் கற்பிக்கப்படுவது. பிரிட்டனில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வீதம் பத்து முறை வரை கொடுக்கச் சொல்கிறார்கள். எந்த முறை என்பதைப் பிள்ளையின் மருத்துவர் தீர்மானித்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கடிதமும் அந்தத் தாளும் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது. வாசகத்தின் கடைசி வரியும் வெறும் மரியாதைக்காகச் சேர்த்தது அல்ல. பெற்றோரின் போன் எங்கேஜ்டாக இருக்கிறது என்று காத்திருக்கும் ஐந்து நிமிடம் பெரிய இழப்பு. முதலில் மருந்து, அடுத்து 108, அதற்குப் பிறகே வீடு என்ற வரிசையைப் பெற்றோரே எழுதிக் கொடுத்தால் நர்ஸுக்குத் தயக்கம் இராது.

சில அறிகுறிகள் தெரிந்தால் நான்கு நிமிடம்கூடப் பார்க்க வேண்டியதில்லை. மருந்தைக் கொடுத்துக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் இரண்டொரு சொல்லில் நிற்பது, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையிலும் தொண்டைக்குழியிலும் தோல் உள்ளே குழிவது, உதடு நீலம் பாய்வது, தூங்கி விழுவதுபோலச் சோர்வது ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றைவிட ஏமாற்றக்கூடியது ஒன்று உண்டு. வீசிங் சத்தம் திடீரென்று நின்று போனால் சரியாகிவிட்டது என்றே தோன்றும். உண்மையில் காற்றே போய்வராத அளவுக்குக் குழாய் அடைத்திருந்தாலும் சத்தம் வராது. சத்தம் நின்றதோடு பிள்ளை பேசுகிறான், முகம் தெளிகிறது என்றால் அது குணம். சத்தம் நின்றும் திணறல் தொடர்ந்தால் அதுவே மிக மோசமான கட்டம். பள்ளியில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தால், அது 92-க்குக் கீழே காட்டுவதும் உடனடி ஆபத்து. ஆனால் 96 காட்டுகிறது என்பதற்காகப் பேச முடியாத பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

மருந்து கொடுத்த பின் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் சால்புடமாலின் வழக்கமான விளைவுகள். சற்று நேரத்தில் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது. இல்லையென்றால் படபடப்பைப் பார்த்துப் பயந்து, தேவையான அடுத்த முறையைக் கொடுக்காமல் நிறுத்திவிடக்கூடும்.

கருவியைப் பற்றியும் சில வரிகள் வேண்டும். ஸ்பேசர் இல்லாமல் நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். சிறு பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். ஆகவே இன்ஹேலரும் ஸ்பேசரும் ஒரே டப்பாவில், பிள்ளையின் பெயரோடு, பூட்டாத அலமாரியில் இருக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புநீரில் கழுவினால் துணியால் துடைக்கக் கூடாது, அப்படியே காயவிட வேண்டும். துடைத்தால் உள்சுவரில் மின்னூட்டம் ஏறி மருந்தை ஒட்டவைத்துக்கொள்ளும். வழக்கமான ஓர் இன்ஹேலரில் 200 முறைக்கான மருந்து இருக்கும். அது தீர்ந்த பிறகும் உள்ளே மிச்சமிருக்கும் வாயு புஸ்ஸென்று சீறும் என்பதால், குலுக்கிப் பார்த்தோ அடித்துப் பார்த்தோ மருந்து இருப்பதை உறுதிசெய்ய முடியாது. எண் காட்டும் இன்ஹேலராக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் குறித்துவைக்க வேண்டும். பல நாள் சும்மா கிடந்த இன்ஹேலரை, தாளில் சொல்லியிருக்கும் அளவுக்குக் காற்றில் அடித்துவிட்டே பயன்படுத்த வேண்டும். வெயில் படும் ஜன்னலோரமும் பள்ளி வேனும் அதை வைக்கும் இடங்கள் அல்ல.

கடிதத்தோடு ஒரு வெற்றுத் தாளையும் இணைக்கலாம். தேதி, நேரம், என்ன அறிகுறி, எத்தனை முறை என்று நர்ஸ் அதில் குறித்து அன்றே வீட்டுக்கு அனுப்புவார். விளையாட்டுக்கு முன் எடுப்பதைக் கணக்கில் சேர்க்காமல், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் சால்புடமால் தேவைப்பட்டிருந்தால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். அவர் மருந்தை மாற்றினால் பள்ளியிலிருக்கும் பழைய கடிதத்தை வாங்கிவிட்டுப் புதியதைக் கொடுக்க வேண்டும்.