அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாமா?

திருப்பூர் நிட்டிங் கம்பெனி ஒன்றுக்கு நூல்மில்லில் இருந்து நூல் வருகிறது. மெஷினில் ஏற்றி ஓட்டினால் துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. கோன்களைப் பிரித்துப் பார்த்தால், 30-ஆம் நம்பர் நூலுக்கு நடுவே 34-ஆம் நம்பர் கோன்கள் கலந்திருக்கின்றன. கம்பெனிக்காரர் மில்லுக்குப் போன் செய்கிறார். “ரெண்டு பை திருப்பி அனுப்பிடுங்க, அடுத்த பில்லுல கழிச்சுக்கலாங்க” என்கிறார் மில் கணக்காளர். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். அடுத்த பில்லில் எதை, எந்த இடத்தில், எந்தத் தாளை வைத்துக் கழிப்பது என்பதை இருவருமே சொல்லவில்லை.

அந்தத் தாளின் பெயர் கிரெடிட் நோட். விற்றவர் வாங்கியவருக்கு எழுதிக் கொடுப்பது அது. ‘இன்ன தேதியில் உங்களுக்குப் போட்ட இன்ன பில்லில் இவ்வளவு தொகையும் அதற்கான வரியும் குறைகிறது, அந்தத் தொகை உங்கள் கணக்கில் வரவு’ என்பதே அதன் சாரம். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவு இதற்கான காரணங்களைச் சொல்கிறது: பில்லில் மதிப்போ வரியோ கூடுதலாகப் போடப்பட்டிருந்தால், சரக்கு திரும்பி வந்தால், சரக்கிலோ சேவையிலோ குறை இருந்தால். வாங்கியவர் தன் பக்கத்தில் ‘டெபிட் நோட்’ என்று ஒன்றை எழுதி அனுப்பும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது ‘எனக்கு இவ்வளவு வர வேண்டும்’ என்று கேட்கும் கடிதம் மட்டுமே. அதை வைத்து விற்றவர் தன் வரியைக் குறைக்க முடியாது. விற்றவர் தன் வரிசை எண்ணில் எழுதும் கிரெடிட் நோட்டுக்குத்தான் அந்தத் தகுதி.

நூல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2026 ஜனவரி 12-ஆம் தேதி, பில் எண் 412. ஆயிரம் கிலோ பருத்தி நூல், கிலோ 250 ரூபாய். மதிப்பு 2,50,000; ஐந்து சதவீத ஜிஎஸ்டி 12,500; மொத்தம் 2,62,500 ரூபாய். இதை நிட்டிங் கம்பெனி முழுவதும் கட்டிவிட்டது. திரும்பிப் போனது ஐம்பது கிலோ பை இரண்டு, அதாவது நூறு கிலோ. அதன் மதிப்பு 25,000, வரி 1,250, ஆக 26,250 ரூபாய் மில் தர வேண்டியிருக்கிறது. பிப்ரவரி 9-ஆம் தேதி அடுத்த லோடு வருகிறது. பில் எண் 447, அறுநூறு கிலோ. இதற்குள் நூல் விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறி 252 ஆகிவிட்டது. மதிப்பு 1,51,200, வரி 7,560, மொத்தம் 1,58,760.

பலரும் இங்கே குறுக்கு வழியில் போகிறார்கள். புதிய பில்லிலேயே 1,51,200-க்குக் கீழே ‘கழிவு: பழைய ரிட்டர்ன் 25,000’ என்று ஒரு வரி போட்டு, மீதி 1,26,200-க்கு ஐந்து சதவீதம் வரி 6,310 சேர்த்து, 1,32,510 ரூபாய்க்கு பில் போடுகிறார்கள். முறைப்படி செய்தாலும் நிட்டிங் கம்பெனி கட்ட வேண்டியது 1,58,760-இல் 26,250 போக அதே 1,32,510 ரூபாய்தான். கைக்கு வரும் தொகை ஒன்றாகவே இருப்பதால் இது தவறென்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆனால் பில் 447 இப்போது பொய் சொல்கிறது. லாரியில் போனது அறுநூறு கிலோ. பில்லில் வரிக்குரிய மதிப்பு 1,26,200. வகுத்துப் பார்த்தால் கிலோ 210 ரூபாய் சொச்சம். அன்றைக்கு 252 ரூபாய் விற்ற நூலை ஏன் இந்த விலைக்குப் பில் போட்டீர்கள் என்று அதிகாரி கேட்டால், கையில் கிரெடிட் நோட் இல்லாமல் பதில் சொல்வது கடினம். சிலர் மதிப்பைத் தொடாமல் எடையைக் குறைத்து ஐநூறு கிலோ என்று எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். இ-வே பில்லில் ஒரு எடை, வண்டியில் வேறு எடை. மில்லின் ஸ்டாக் கணக்கும் உதைக்கும். இதையெல்லாம் செய்த பிறகு ஆடிட்டர் கேட்கிறார் என்று தனியாகக் கிரெடிட் நோட்டும் போட்டுவிட்டால், அதே 1,250 ரூபாய் வரி இரண்டு முறை குறைந்துவிடும்.

வரி விகிதம் மாறும் காலத்தில் குறுக்கு வழி பணத்தையும் நேரடியாகக் கடிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களின் ஜிஎஸ்டி பன்னிரண்டிலிருந்து ஐந்து சதவீதமாகக் குறைந்தது. ஆகஸ்டில் பன்னிரண்டு சதவீதத்தில் விற்ற 25,000 ரூபாய்ச் சரக்கு அக்டோபரில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் வரி பழைய விகிதப்படி 3,000 ரூபாய். அதை அக்டோபர் பில்லின் மதிப்பில் கழித்திருந்தால் வரியில் 1,250 மட்டுமே குறைந்திருக்கும். வாங்கியவருக்கு 1,750 ரூபாய் நஷ்டம். கிரெடிட் நோட் எப்போதும் தான் திருத்தும் பழைய பில்லின் விலையையும் வரி விகிதத்தையுமே பின்பற்ற வேண்டும். நம் நூல் கதையிலும் திரும்பிய நூறு கிலோவுக்கு 252 அல்ல, 250 ரூபாய்தான் கணக்கு.

ஆகவே வரி தொடர்பான திருத்தம் பழைய பில்லோடு நிற்க வேண்டும். பணத்தை ஈடுகட்டுவது மட்டும் புதிய பில்லில் நடக்க வேண்டும். புதிய பில் முழு எடைக்கும், முழு விலைக்கும், முழு வரிக்கும் வெளியே போகட்டும். கிரெடிட் நோட்டில் உள்ள 26,250 ரூபாய், பணம் கட்டும்போது மொத்தத் தொகையிலிருந்து கழிபடட்டும். கிரெடிட் நோட்டின் வாசகம் இந்த இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

விதிகள் கேட்கும் விவரங்கள் அதிகமில்லை. விற்றவர், வாங்கியவர் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், ‘கிரெடிட் நோட்’ என்ற தலைப்பு, பதினாறு எழுத்துக்கு மிகாத வரிசை எண்ணும் தேதியும், பழைய பில்லின் எண், தேதி, வரவு வைக்கும் மதிப்பு, வரி விகிதம், வரித்தொகை, கையெழுத்து. ஒரே நோட்டில் பல பழைய பில்களைக் குறிக்கலாம். புதிய பில்லில் எப்படி ஈடுசெய்வது என்பதை விதி கேட்பதில்லை. அதனால்தான் பலர் அந்த இடத்தில் ‘அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளவும்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த பில், மதிப்பிலா மொத்தத்திலா, மிச்சம் இருந்தால் என்ன என்ற மூன்று கேள்விக்கும் அந்த வரியில் பதில் இல்லை. நூல்மில் இப்படி எழுதலாம்:

“கிரெடிட் நோட் எண் 17, தேதி 28-01-2026. எங்கள் பில் எண் 412, தேதி 12-01-2026-இன்படி அனுப்பிய 1,000 கிலோ 30-ஆம் நம்பர் பருத்தி நூலில், 34-ஆம் நம்பர் கோன்கள் கலந்திருந்ததால் தாங்கள் திருப்பி அனுப்பி, 27-01-2026 அன்று எங்களுக்கு வந்து சேர்ந்த 2 பை, 100 கிலோ நூலுக்காக, கிலோ ரூ.250 வீதம் ரூ.25,000-மும், மத்திய ஜிஎஸ்டி 2.5 சதவீதம் ரூ.625, மாநில ஜிஎஸ்டி 2.5 சதவீதம் ரூ.625-மும், ஆக மொத்தம் ரூ.26,250 தங்கள் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

“பில் எண் 412-க்கான தொகையைத் தாங்கள் முழுவதும் செலுத்திவிட்டதால், இந்த ரூ.26,250, இத்தேதிக்குப் பின் தங்கள் பெயரில் நாங்கள் போடும் முதல் பில்லின் வரி உள்ளிட்ட மொத்தத் தொகைக்கு எதிராக, பணம் செலுத்தும்போது ஈடுசெய்யப்படும். அந்தப் பில்லின் மதிப்போ வரியோ இதனால் குறையாது. ஈடுசெய்தபின் மிச்சம் இருந்தால் அதற்கடுத்த பில்லுக்குச் செல்லும். மேற்கண்ட வரித்தொகைக்குத் தாங்கள் உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால் அதைத் திருப்ப வேண்டுகிறோம்.”

முதல் பத்தி முழுவதும் பழைய பில்லைப் பற்றியது. இரண்டாவது, பணத்தைப் பற்றியது. ‘சரக்குத் திரும்பியது’ என்று மொட்டையாக எழுதாமல் எடை, பை எண்ணிக்கை, வந்து சேர்ந்த தேதி எல்லாம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. திருப்பி அனுப்பியபோது நிட்டிங் கம்பெனி போட்ட டெலிவரி சலானோடு இது ஒத்துப்போக வேண்டும். நோட் எழுதும் அன்று பில் 447 பிறக்கவே இல்லை. அதனால் ‘முதல் பில்’ என்று அடையாளம் சொல்லியிருக்கிறோம். எண் தெரிந்திருந்தால் எண்ணையே எழுதுவதுதான் நல்லது. 447 வந்ததும் மொத்தத் தொகையான 1,58,760-க்குக் கீழே, ‘கிரெடிட் நோட் 17-க்காக ஈடு ரூ.26,250, செலுத்த வேண்டியது ரூ.1,32,510’ என்று குறித்துவிட்டால் போதும். அந்த வரி வரிக் கணக்கிற்குக் கீழே இருக்க வேண்டும். மேலே ஏறிவிட்டால் பழைய தவறுதான்.

டேலியில் பதிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பில் 412 ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. ஆகவே கிரெடிட் நோட்டின் தொகையை பில் வாரி விவரத்தில் `New Ref` என்று போட்டு, பணம் வரும்போது `Agst Ref` மூலம் 447-உடன் சேர்த்துத் தீர்க்க வேண்டும். `On Account` என்று போட்டுவிட்டால் தொகை எதனோடும் ஒட்டாமல் லெட்ஜரில் தொங்கும். மார்ச்சில் பாக்கி சரிபார்க்கும்போது 26,250 யாருக்கும் விளங்காத வித்தியாசமாக நிற்கும்.

வாசகம் தெளிவாக இருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. மில் இந்த நோட்டைத் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டியதும், அது நிட்டிங் கம்பெனியின் கண்ணுக்கு ஜிஎஸ்டி தளத்தில் தெரியும். அங்கே அதை ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்திவைக்கலாம். என்ன நோட் என்று புரியாமல் கணக்காளர் மறுத்துவிட்டால், குறைத்த 1,250 ரூபாய் வரி மில்லின் தலையில் திரும்ப வந்து விழும். வாங்கியவர் தான் எடுத்த வரி வரவைத் திருப்பாவிட்டால் விற்றவர் வரியைக் குறைக்க முடியாது என்பதை 2025-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 34-ஆவது பிரிவில் இன்னும் இறுக்கமாக எழுதிவிட்டது. நோட்டைத் தளத்தில் ஏற்றும் முன் ஒரு பிரதியை வாட்ஸப்பில் அனுப்பி, ‘பார்த்துட்டீங்களா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது கணக்காளர்கள் வளர்த்துக்கொள்ள வேண்டிய பழக்கம்.

காலக்கெடுவும் உண்டு. பில் 412 பிறந்தது 2025-26 நிதியாண்டில். அதற்கான கிரெடிட் நோட்டை 2026 நவம்பர் 30-க்குள், அல்லது அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். அதன்பின் சரக்கு திரும்பினாலும் மில் பணத்தை விட்டுக்கொடுக்கலாம்; வரியைக் குறைக்க முடியாது. அப்போது 25,000 ரூபாய்க்கு மட்டும் வரி இல்லாத கிரெடிட் நோட் எழுதி, ‘இதில் ஜிஎஸ்டி திருத்தம் ஏதும் இல்லை, தாங்கள் எடுத்த வரி வரவைத் திருப்பத் தேவையில்லை’ என்று அதிலேயே சொல்லிவிட வேண்டும். பில் 447-இல் கழிபடும் தொகையும் அப்போது 26,250 அல்ல, 25,000 ரூபாய்தான்.