மண்வெட்டியில் பானை தட்டுப்பட்டால்

மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவ என்ற இடத்தில் பழங்கால இடுகாடு ஒன்று இருக்கிறது. கற்பலகைகளால் அமைத்த குழிகளுக்குள் தாழிகளும், அவற்றோடு சாம்பலும் எலும்பும் மணிகளும் கிடைத்தன. வரலாற்றுக்கு முந்திய காலத்து மக்களின் ஈமக்கிரியைகள் தெரியவந்தது பானைகளால் மட்டுமல்ல, அவற்றின் உள்ளே இருந்த மண்ணாலும்தான்.

ஆகவே கிணறோ அத்திவாரமோ வெட்டும்போது பானை தென்பட்டால், முதலில் வேலையை நிறுத்த வேண்டும். உள்ளிருக்கும் மண்ணைக் கொட்டக் கூடாது. பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்துப் படமெடுத்து, ஆழத்தைக் குறித்துக்கொண்டு, வெயில் படாமல் மூடிவைப்பது நல்லது. ஈரமண்ணில் கிடந்த பானை சட்டென்று காய்ந்தால் வெடிக்கும்.

நாணயமென்றால் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது! பச்சைக் களிம்போடு எழுத்தும் உருவமும் போய்விடும். ஒட்டிக் கிடப்பவற்றைப் பிரிக்கவும் வேண்டாம்.

காணி சொந்தமானாலும் புதையல் அப்படியல்ல. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருக்கும் தொல்பொருள் அரசுடைமை. 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை, அதாவது கண்டி உடன்படிக்கை நாளுக்கு முந்தியவை, இதில் அடங்கும். கண்டெடுத்தவர் தாமதமின்றித் தொல்பொருள் திணைக்களத்துக்கோ மாவட்டச் செயலகத்துக்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ அறிவிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் சொன்னால் வழிகாட்டுவார்.

இன்னும் கிடைக்குமா என்று தொடர்ந்து தோண்டுவதுதான் பெரிய ஆபத்து. தொல்பொருள் தேடி அனுமதிப்பத்திரமின்றி அகழ்வது, சொந்தக் காணியிலும் குற்றமே.