வாசல் தாண்டினால் ஆட்டம் ஏன் நிற்கிறது?

வீட்டு வைஃபையில் விளையாடிக்கொண்டே தெருவில் இறங்குகிறீர்கள். போன் மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறது. திரையில் 'Reconnecting' சுற்றத் தொடங்குகிறது. டேட்டா நன்றாக இருந்தும் ஏன்?

வைஃபையில் உங்கள் ஐபி முகவரி ஒன்று, டேட்டாவில் வேறொன்று. டிசிபி முறையில், இணைப்பு என்பது இரு முனைகளின் முகவரிகளோடும் போர்ட் எண்களோடும் பிணைந்தது. ஒன்று மாறினாலும் பழைய இணைப்பு பயன்படாது. அதைச் சர்வருக்குச் சொல்ல யாருமில்லை. பழைய முகவரியிலேயே நீங்கள் இருப்பதாக அது காத்திருக்கும். விளையாட்டுச் செயலியும் பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டிருந்தால், காலக்கெடு முடியும்வரை சுற்றல்தான்.

2021இல் தரப்படுத்தப்பட்ட குவிக் முறை, இணைப்புக்கே தனி அடையாள எண் தருகிறது. முகவரி மாறினாலும் ஆட்டம் தொடரலாம். ஆனால் செயலி, சர்வர் இரண்டும் அதற்கு இடம்தர வேண்டும்.

சுற்றும்போது பிரவுசரில் புதிய பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால் நெட்டில் குறையில்லை. விளையாட்டை முழுதாக மூடித் திறங்கள். திறக்காவிட்டால், போன் மங்கிய வைஃபையை இன்னும் விடாமலிருக்கலாம், வைஃபையை அணையுங்கள். வெளியே கிளம்புவதாக இருந்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே அணைத்துவிடுவது நல்லது.