ஒன்றரைக் கிலோ பெட்டிக்கு 6 கிலோ கூரியர் கட்டணம்... ஏன்?

சங்கரன்கோவில் பக்கம் இருக்கும் பனவடலிசத்திரத்தின் பெயரிலேயே பனை இருக்கிறது. வடலி என்றால் இளம்பனை. அங்கிருந்து ஒருவர் சென்னையில் உள்ள வாடிக்கையாளருக்கு 4 பனை ஓலைப் பெட்டிகளை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டைப்பெட்டியோடு சேர்த்து மொத்த எடை ஒன்றரைக் கிலோ. ஒரு கிலோவுக்கு 50 ரூபாய் என்று கணக்கிட்டால் 75 ரூபாய்தானே ஆக வேண்டும்? ஆனால், பில் 300 ரூபாய்க்கு வரும்!

காரணம், 'வால்யூமெட்ரிக் வெயிட்'. அதாவது, பார்சல் அடைக்கும் இடத்தை எடையாக மாற்றும் கணக்கு. வண்டியில் எடை ஏறுவதற்கு முன்பே இடம் நிறைந்துவிட்டால் கூரியர் நிறுவனத்துக்கு நஷ்டம். அதனால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுக்கிறார்கள். இந்த வகு எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம் என்பதால் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. தராசு காட்டும் எடை, இந்தக் கணக்கில் வரும் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

நம் அட்டைப்பெட்டியின் அளவு 40 x 30 x 25. பெருக்கினால் 30,000, 5,000-ஆல் வகுத்தால் 6 கிலோ. இதுவே 5 கிலோ கருப்பட்டி என்றால், 25 x 20 x 15 பெட்டியில் அடங்கிவிடும். அதன் கணக்கு எடை ஒன்றரைக் கிலோதான். அங்கே தராசு எடையே அதிகம் என்பதால் 5 கிலோவுக்குத்தான் பணம். அட்டைப்பெட்டியைச் சுருக்கியும் பயனில்லை.

ஓலைப் பெட்டிக்கு அப்படியல்ல. சிறியதும் பெரியதுமாக நான்கு அளவுகளில் செட்டாக விற்றால், ஒன்றுக்குள் ஒன்றை வைத்து 30 x 30 x 20 பெட்டியில் அடைத்துவிடலாம். கணக்கு எடை 3.6 கிலோ. முழுக் கிலோவாக உயர்த்தி 4 கிலோ என்று எடுத்தாலும் 200 ரூபாய்தான். ஒரே அளவுப் பெட்டிகளுக்கு இந்த வழி உதவாது. அழுத்தித் திணித்தால் உருவம் கெட்டுவிடும். அப்போது இன்னொரு வழி இருக்கிறது. 6 கிலோவுக்குப் பணம் கட்டும் அந்தப் பார்சலின் உண்மையான எடை ஒன்றரைக் கிலோதான். ஓலைப் பெட்டிகளுக்குள் 4 கிலோ கருப்பட்டியை வைத்து அனுப்பினாலும் மொத்தம் ஐந்தரைக் கிலோதான். கட்டணம் அதே 300 ரூபாய்!

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. அட்டை உப்பியிருந்தால், உப்பிய இடத்தைத்தான் அளப்பார்கள். மூன்று பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூடினாலே 6 கிலோ 6.6 ஆகி, 7 கிலோவுக்குக் கட்டணம் விழும். கூரியர் மையத்தில் மறுபடி அளந்து, வித்தியாசத்தைச் சில நாள் கழித்துப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஒட்டி முடித்த பெட்டியின் மேல் டேப்பை வைத்து மூன்று பக்கமும் போட்டோ எடுத்து வைத்தால், தவறாகப் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்க அதுவே ஆதாரம்.

விலையில் டெலிவரி செலவைச் சேர்க்கும்போதும் தராசை மட்டும் நம்பக் கூடாது. ஒரு ஓலைப் பெட்டிக்கு 19 ரூபாய் என்று போட்டவருக்கு உண்மையில் ஆவது 75 ரூபாய். ஒவ்வொன்றிலும் 56 ரூபாய் கைவிட்டுப் போகும்.