மனச்சோர்வு மாத்திரையும் சீஸும் சேர்ந்தால் ஆபத்தா? டைரமின் செய்யும் வேலை இதுதான்!

1960-களின் தொடக்கம். பிரிட்டனில் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்த சிலருக்கு திடீர் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தது. சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவே ஏற்பட்டது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை.

அப்போது லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் பேரி பிளாக்வெல்லுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நாட்டிங்காமைச் சேர்ந்த ஒரு மருந்தாளுநர். அவருடைய மனைவியும் அதே வகை மாத்திரை எடுத்து வந்தார். சீஸ் சாப்பிட்டால் அவருக்குத் தலைவலி வருகிறது, பால், வெண்ணெய் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை என்று கணவர் கவனித்திருந்தார்.

சீஸால் இப்படி நடக்குமா என்று முதலில் பலரும் நம்பவில்லை. ஆனால் மற்ற நோயாளிகளிடமும் இதே கதைதான் தெரிந்தது. பிளாக்வெல் 1963-ல் லான்செட் மருத்துவ இதழில் இதை வெளியிட்டார். இதற்கு 'சீஸ் விளைவு' என்றே பெயர் வந்துவிட்டது.

சீஸில் அப்படி என்ன இருக்கிறது?

டைரமின் என்ற பொருள்தான் காரணம். கிரேக்க மொழியில் 'டைரோஸ்' என்றால் சீஸ். புரதம் உள்ள உணவு நாள்பட நொதிக்கும்போது, அதிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தை பாக்டீரியாக்கள் டைரமினாக மாற்றுகின்றன. அதனால்தான் மாதக்கணக்கில் பழுக்க வைக்கும் சீஸில் இது அதிகம். புதிதாகச் செய்த பனீரில் மிகக் குறைவு.

மற்றவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

நம் குடலிலும் கல்லீரலிலும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி காவல் நிற்கிறது. உணவில் வரும் டைரமினை ரத்தத்துக்குப் போகும் முன்பே அது உடைத்துவிடும்.

ஆனால் எம்.ஏ.ஓ.ஐ. வகை மாத்திரைகள் இந்த நொதியைத்தான் முடக்குகின்றன. காவல் இல்லாததால் டைரமின் நேராக ரத்தத்தில் கலந்து, நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் நார்அட்ரினலினை வெளியே தள்ளிவிடும். ரத்தக்குழாய்கள் சுருங்கும். ரத்த அழுத்தம் கிடுகிடுவென எகிறும்.

எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து?

இந்த மாத்திரை எடுப்பவருக்கு 6 முதல் 10 மில்லிகிராம் டைரமினே பாதிப்பைத் தொடங்கிவிடலாம். அதற்கு மேல் போகப் போக ஆபத்தும் கூடும். நன்கு பழுத்த சில சீஸ்களில் ஒரு கிராமுக்கு 1 மில்லிகிராம் வரை டைரமின் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட சீஸில் 30 கிராம் துண்டு ஒன்று சாப்பிட்டால் 30 மில்லிகிராம் உள்ளே போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், எல்லா சீஸிலும் அளவு ஒன்றுபோல் இருக்காது. 'போன வாரம் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகலையே' என்று நம்ப முடியாது. சமைத்தாலும் டைரமின் அழியாது.

சலாமி போன்ற நொதிக்க வைத்த இறைச்சி, சோயா சாஸ், மிசோ, கிம்ச்சி, மார்மைட் போன்ற ஈஸ்ட் சாறு, பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும் பீர், கெட்டுப்போகும் நிலையில் உள்ள இறைச்சி, மீன் ஆகியவற்றிலும் இந்த ஆபத்து உண்டு.

எல்லா மனச்சோர்வு மாத்திரைக்கும் இது பொருந்துமா?

இல்லை. டிரானில்சைப்ரோமின், பினெல்சின், ஐசோகார்பாக்சசிட் ஆகியவைதான் இந்தப் பழைய வகை. இன்று பரவலாக எழுதித் தரப்படும் எசிடலோபிராம், செர்ட்ராலின், புளூஆக்செடின் போன்றவற்றுக்கு இந்த சீஸ் பிரச்னை கிடையாது. அதே நேரம், லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கும் இந்த நொதியை ஓரளவு தடுக்கும். அதை எடுக்கும் நாள்களிலும் டைரமின் அதிகமுள்ள உணவைக் குறைக்க வேண்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

சாப்பிட்ட சில நிமிடங்களில் இருந்து சுமார் 2 மணி நேரத்துக்குள் பின்னந்தலையில் அடித்துப்போட்டது போல வலி, கழுத்து விறைப்பு, படபடப்பு, வியர்வை, வாந்தி வரும். தலைவலி மாத்திரை போட்டுப் படுத்துவிடக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். எந்த மாத்திரை எடுக்கிறார், என்ன சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரையை நிறுத்தினால் உடனே சீஸ் சாப்பிடலாமா?

கூடாது. முடக்கப்பட்ட நொதி திரும்ப வேலைக்கு வராது. உடல் புதிதாக உற்பத்தி செய்ய வேண்டும். அதனால் நிறுத்திய பிறகும் 2 வாரம் கட்டுப்பாடு தொடர வேண்டும். சீஸுக்கு ஆசைப்பட்டோ, இதைப் படித்துப் பயந்தோ மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்துதான். அட்டையில் உள்ள மருந்தின் பெயரை மருத்துவரிடம் காட்டி, தனக்கு இந்தக் கட்டுப்பாடு உண்டா என்று கேட்டுக்கொண்டாலே போதும்.