சளி போன பிறகும் திறக்காத காது

மூக்கடைப்பு விட்டு, தொண்டை வலியும் போய், அப்பாடா என்று இருக்கும்போது சிலருக்குக் காது அடைத்துக்கொள்கிறது. 38 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு அப்படி ஆனதாக வைத்துக்கொள்வோம். சளி பிடித்த ஆறாம் நாள் வலது காது கும்மென்று ஆனது. வகுப்பில் தன் குரலே தலைக்குள் முழங்குகிறது. பின் பெஞ்சுப் பிள்ளைகள் பேசுவதோ சரியாகக் கேட்கவில்லை. உள்ளே மந்தமாக ஒரு வலி. காதுக்குள் தண்ணீர் போய்விட்டதோ என்று தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்க்கிறார், பட்ஸ் போட்டுக் குடைகிறார். எதுவும் வரவில்லை.

கோளாறு இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம், நடுக்காதில். அது காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை. அங்கிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் யூஸ்டேகியின் பெயரால் அதை யூஸ்டேகியன் குழாய் என்கிறோம். சாதாரணமாக மூடியே இருக்கும் இந்தக் குழாய், எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து புதுக்காற்றை உள்ளே விடும்.

சளி பிடித்தால் குழாயின் உட்சவ்வு வீங்கி அது திறக்காமல் போகிறது. அறைக்குள் இருக்கும் காற்றைச் சுற்றியுள்ள சவ்வு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிட, அழுத்தம் குறைந்து செவிப்பறை உள்நோக்கி இழுபடுகிறது. அந்த இழுப்புதான் அடைப்பாகவும் வலியாகவும் தெரிகிறது. இதே நிலை நீடித்தால் சவ்விலிருந்து நீர் கசிந்து அறையில் தேங்கும். அப்போது பறை சரியாக அதிராது. சத்தமெல்லாம் சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் கேட்கும்.

பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பறையில் ஓட்டை இல்லாவிட்டால் அந்த எண்ணெய் நடுக்காதுக்குப் போகவே போகாது. ஓட்டை இருந்தால் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும். இரண்டு விதத்திலும் லாபமில்லை.

தேங்கிய நீரில் கிருமி சேர்ந்தால் கதை மாறுகிறது. மந்தமான வலி விண்விண்ணென்று தெறிக்கும், காய்ச்சல் வரலாம். சிலருக்கு இரவெல்லாம் துடித்த வலி திடீரென்று அடங்கி, தலையணையில் சீழ் கறை தெரியும். வலி போனது பறை கிழிந்ததால். பெரும்பாலும் அது தானே ஆறிவிடும் என்றாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும். காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், தலைசுற்றல் ஆகியவை வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆசிரியைக்குக் காய்ச்சல் இல்லை. ஈ.என்.டி டாக்டர் காதுக்குள் பார்க்கும் கருவியில், உள்ளிழுத்த பறையும் அதன் பின்னால் மஞ்சள் சாயல் நீரும் தெரிகின்றன. பிறகு இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைக்கிறார். "எந்தக் காதுல அதிகமா கேக்குது?" அடைத்த வலது காதில்தான். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பார்த்தால், பொத்திய பக்கமே உரக்கக் கேட்பது யாருக்கும் விளங்கும். வெளிச்சத்தம் உள்ளே போகத் தடை இருந்தால், எலும்பு வழியாக வரும் ஒலி அந்தக் காதில்தான் ஓங்கும்.

மாறாக, நல்ல காதில் ஓங்கிக் கேட்டால் கவலைப்பட வேண்டும். உள்காதோ செவி நரம்போ பழுதாகித் திடீரென்று கேட்காமல் போவதும், முதலில் வெறும் அடைப்பாகவே தோன்றும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறையும். சளிதானே என்று காத்திருந்து அந்த நாட்களைக் கோட்டை விடுபவர்கள் உண்டு. வீட்டில் முனகிப் பார்ப்பது ஒரு குறிப்பு மட்டுமே. ஒரே நாளில் ஒரு காது சட்டென்று மந்தமானால் ஆடியோகிராம் எடுத்துவிடுவதே சரி.

ஆசிரியைக்கு ஆன்டிபயாடிக் எழுதவில்லை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். மூக்கடைப்புக்கான ஸ்ப்ரேயை நாலைந்து நாளுக்கு மேல் அடிக்கக் கூடாது, அடித்தால் அதுவே அடைப்பை வளர்க்கும் என்று டாக்டர் எச்சரிக்கிறார். மூக்கை முக்கிச் சிந்துவதும் வேண்டாம். முடிந்தால் விமானப் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. தரையிறங்கும்போது வலி பொறுக்க முடியாது. நீர் வற்றச் சில வாரங்கள் ஆகலாம். நடுவில் விழுங்கும்போது டப்பென்று திறந்து மறுபடி மூடிக்கொள்ளும்.

பெரியவர்களுக்கு ஒரே காதில் நீர் மாதக்கணக்கில் வற்றாமல் நின்றால், மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுக் குழாயின் வாய் இருக்கும் இடத்தைப் பார்ப்பார்கள். அபூர்வமாக அங்கே ஒரு கட்டி குழாயை அமுக்கிக்கொண்டிருக்கும். சில சமயம் அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். கட்டி எதுவும் இல்லையென்றால், செவிப்பறையில் சிறு துளையிட்டு நீரை உறிஞ்சி, காற்றோட்டத்துக்கு ஒரு சின்னஞ்சிறு குழல் பொருத்துவது உண்டு.